குளிரவைத்தால் உப்பு வளராது: சேலத்திலும் ஏற்காட்டிலும் படிகம் வளர்க்கும் முன்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ஒரு மேசையை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு கண்ணாடி டம்ளர், இரண்டிலும் உப்புக் கரைசல். ஒன்றில் "வேகமாகக் குளிர்வித்தது, சிறிய படிகம்", மற்றதில் "மெதுவாகக் குளிர்வித்தது, பெரிய படிகம்" என்று அட்டை ஒட்டியிருக்கும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கும். அந்த விதி சர்க்கரைக்குப் பொருந்தும். உப்புக்குக் கிட்டத்தட்ட வேலையே செய்யாது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிகம் வளர்க்கும் செயல்திட்டம் கொடுக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

காரணம் கரைதிறனில் இருக்கிறது. 250 மில்லி தண்ணீரை 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அதில் ஏறத்தாழ 95 கிராம் உப்பு கரையும். அதையே 25 டிகிரிக்கு ஆறவிட்டால் 90 கிராம் கரைந்தபடியே இருக்கும். வெளியே வருவது ஐந்து கிராம், ஒரு டீஸ்பூன் அளவு. எவ்வளவு மெதுவாக ஆறவைத்தாலும் அந்த ஒரு ஸ்பூனை வைத்துத்தான் படிகம் உருவாக வேண்டும். சர்க்கரைக்குக் கணக்கே வேறு. அதே 250 மில்லியில் 80 டிகிரியில் ஏறத்தாழ 900 கிராம் கரையும், 25 டிகிரியில் சுமார் 520 கிராம்தான் நிற்கும். ஆறும்போது மிச்சம் 380 கிராமுக்கு இடமில்லை. ஆகவே ஆறும் வேகத்தை மாற்றிப் பார்க்கும் சோதனையைச் சர்க்கரையில் செய்யுங்கள். உப்பை வேறு கேள்விக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

என் வகுப்பில் செய்யும் அளவைச் சொல்கிறேன். 250 மில்லி தண்ணீர், 650 கிராம் வெள்ளைச் சர்க்கரை. இந்த விகிதத்தில் பாகு ஏறத்தாழ 50 டிகிரியில் தெவிட்டும், அதாவது அதற்கு மேல் சர்க்கரையைக் கரைக்காது. அதற்குக் கீழே ஆறினால், கொள்ளக்கூடியதைவிட அதிகச் சர்க்கரை கரைந்திருக்கும் அதிதெவிட்டிய கரைசல். 900 கிராம் வரை கரையுமே, ஏன் குறைவாகப் போட வேண்டும் என்று கேட்கலாம். அவ்வளவு போட்டால் பாகு ஒரே நாளில் மொத்தமாக இறுகிவிடும், பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. அடுப்பு வேலை பெரியவர்களுடையது. இந்தப் பாகு நூறு டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும், தோலில் பட்டால் வெந்நீர் போல வழிந்து ஓடாமல் ஒட்டிக்கொள்ளும். மிதமான தீயில் கிளறி, ஒரு பருக்கைகூட அடியில் இல்லாமல் கரைந்ததும் இறக்கிவிடுங்கள். எலுமிச்சை பிழிய வேண்டாம். ஜாமூன் பாகு பூக்காமல் இருக்க வீட்டில் சில சொட்டு விடுவார்களே, அந்தப் புளிப்பு சர்க்கரை மூலக்கூறைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக உடைத்துவிடும். அவை கலந்த பாகில் படிகம் எளிதில் கட்டாது. நமக்கு வேண்டியது நேர்மாறானது.

அதற்கு முந்தைய நாளே நூலைத் தயார் செய்ய வேண்டும். கற்கண்டுக் கட்டியின் நடுவே நூல் கிடக்கும் இல்லையா, அதே வேலைதான். பருத்தி நூலை நனைத்து, சர்க்கரையில் புரட்டி, ஓர் இரவு முழுக்கக் காயவிட வேண்டும். ஒட்டியிருக்கும் பருக்கைகள்தான் விதைப் படிகங்கள். இந்தச் செயல்திட்டம் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: ஈர நூலைப் போடுவார்கள், அல்லது பாகு கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே இறக்குவார்கள். இரண்டிலும் விதை உதிர்ந்தோ கரைந்தோ போய்விடும், வெறும் நூல்தான் மிஞ்சும். வெப்பமானி 45 டிகிரி காட்டிய பிறகே நூலை இறக்குங்கள்.

பாகை மூன்று ஒரே மாதிரிக் கண்ணாடி டம்ளர்களில் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 220 மில்லி வரும். முதல் டம்ளர் ஐஸ் போட்ட தண்ணீர்ப் பாத்திரத்தில், இரண்டாவது வகுப்பு மேசையில், மூன்றாவது துண்டு சுற்றி, வெந்நீர் பாட்டில்களோடு தெர்மோகோல் பெட்டிக்குள். ஒவ்வொன்றிலும் 45 டிகிரி வந்ததும் நூலை இறக்கி, மறுநாள் காலை மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மூன்றுக்கும் ஒரே வெப்பநிலை. ஆறிய விதம் மட்டும்தான் வேறு.

முழுதாக ஆறும்வரை மெல்லிய துணியால் மூடுங்கள், ஆறியபின் தட்டு வைத்து இறுக்கமாக மூடுங்கள். சூட்டிலேயே தட்டை வைத்தால் ஆவி நீராகி மேலே சொட்டிப் பாகை நீர்க்கவைக்கும். மூடாமலே விட்டால் தண்ணீர் ஆவியாகி மேற்பரப்பில் ஏடு கட்டும். பிள்ளைகள் அதையும் குளிர்ச்சியால் வந்த படிகம் என்று எழுதிவிடுவார்கள். எறும்புக்கு, டம்ளர்களைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்தால் போதும்.

ஐஸில் வைத்த டம்ளரில் இரண்டில் ஒன்று நடக்கும். யாராவது மேசையைத் தட்டினாலோ கிளறினாலோ பாகு கலங்கி, அடி முழுவதும் பொடிப்பொடியாக இறங்கும். நூலில் குண்டூசித் தலையளவுகூட இல்லாத மணிகள் நெருக்கமாக அப்பியிருக்கும். யாரும் தொடாமல் விட்டால் சில நாள் ஒன்றுமே நடக்காமலும் போகலாம். குளிரில் பாகு அவ்வளவு கெட்டியாகிவிடுவதால், சர்க்கரை மூலக்கூறுகள் நகர்ந்து படிகத்தின் முகத்தை வந்தடையவே நேரமாகும். இடமில்லாமல் தவிக்கும் சர்க்கரை அங்கேதான் அதிகம், ஆனால் அசைய முடியாது. பெட்டியில் வைத்ததில் தொடக்கத்தில் சுவாரசியமே இருக்காது. பத்து நாள் வாக்கில் நூலில் சில படிகங்கள் மட்டும் சாய்ந்த தளங்களோடு, விளிம்பு தெளிவாக, அளவுகோலில் அளக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும்.

எடை போடும் நாளில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், பெருசா வளர்ந்ததுல ஏன் எடை கம்மியா இருக்கு?" ஐஸ் டம்ளரின் பொடியை வடிகட்டி உலர்த்தினால் பெட்டி டம்ளரின் அழகான படிகங்களைவிட அது கனமாக இருந்தது. மூன்று டம்ளரிலும் உபரியாக இருந்த சர்க்கரை ஒரே அளவு, ஏறத்தாழ நாற்பது கிராம். ஒரே அண்டாச் சோற்றை ஆயிரம் பேர் பந்தியில் உட்கார்ந்தால் சீக்கிரம் காலி செய்வார்கள், ஆளுக்குக் கிடைப்பது ஒரு பிடி. பத்தே பேர் என்றால் வயிறு நிறையும், அண்டா காலியாக நாளாகும். பெட்டி டம்ளரில் படிகங்கள் குறைவு என்பதால் உபரி இன்னும் பாகிலேயே இருந்தது.

அதை வாயால் சொல்வதைவிடக் காட்டலாம். மிச்சப் பாகைத் தனித்தனிக் கிண்ணத்தில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் நாலு பருக்கை சர்க்கரை போட்டு மூடி வைத்தோம். பெட்டி டம்ளர் பாகில் போட்ட பருக்கைகள் நாளாக ஆகப் பருத்தன. ஐஸ் டம்ளர் பாகில் போட்டவை அப்படியே கிடந்தன. பருக்கை வளர்ந்தால் பாகு இன்னும் அதிதெவிட்டிய நிலை, மாறாமல் கிடந்தால் தெவிட்டிய நிலை, கரைந்தால் தெவிட்டாத நிலை. பாடப்புத்தகத்தின் மூன்று சொற்களையும் பிள்ளைகள் இதில் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள்.

இனி உப்பு. உப்புப் படிகம் தண்ணீர் ஆவியாவதால் வளர்வது. எனவே மாற்றிப் பார்க்க வேண்டியது காற்றையும் வெயிலையும். கால் லிட்டர் சுடுதண்ணீரில் நூறு கிராம் உப்பைக் கலக்கி, ஓர் இரவு தெளியவிட்டு, தெளிவை மட்டும் வடிகட்டும் தாளில் ஊற்றி எடுத்துக்கொள்ளுங்கள். தூள் உப்பில் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் கல் உப்பில் மண்ணும் இருக்கும். வடிகட்டாவிட்டால் அந்தத் துகள்களைச் சுற்றியெல்லாம் படிகம் கிளம்பும். சேலத்தில் பங்குனி வெயிலில் மாடியில் வைத்த தட்டு சீக்கிரமே காய்ந்து வெள்ளைப் பொருக்காகிவிடும். மேற்பரப்பில் மிதக்கும் படிகங்களின் நடுப்பகுதி குழிந்திருக்கும், ஓரம் வேகமாக வளர்ந்து நடு பின்தங்குவதால். அதே கரைசலைச் செய்தித்தாள் மூடி நிழலில் வைத்தால் அடியில் தெளிவான கனசதுரங்கள் மெல்ல உருவாகும். உப்பு கண்ணாடிச் சுவரில் ஏறி வெளியே வழியும். விளிம்பில் வாசலின் தடவினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இதையே ஏற்காட்டில் ஐப்பசியில் செய்த ஆசிரியை ஒருவர் போனில் சொன்னார்: "அக்கா, நாங்க வெச்ச உப்புத் தண்ணி குறையவே இல்ல. கூடுன மாதிரி இருக்கு." கூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. தெவிட்டிய உப்புக் கரைசல் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் ஆவியாகும். அதற்கு மேலே போனால் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும், வளர்ந்திருந்த படிகமும் கசியும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியே வகுப்புக்குள் வரும் நாள்களில் அந்த எல்லை சாதாரணமாகத் தாண்டப்படும். மலையில் குளிர் அதிகம், ஆகவே படிகம் நன்றாக வரும் என்று நினைத்துத்தான் அவர் தொடங்கியிருந்தார். பிள்ளைகளிடம் கரைசலின் மட்டத்தைப் பேனாவால் குறித்து, தினமும் ஈரப்பதமானி அளவையும் எழுதச் சொன்னோம். தண்ணீர் குறைந்த நாள்களும் வெயில் அடித்த நாள்களும் நோட்டில் ஒன்றாகவே வந்தன.

இடையில் ஓர் எச்சரிக்கை. கண்காட்சியில் உப்புப் படிகம் என்று வைக்கப்படும் பெரிய பளபளப்பான கட்டிகள் சில உண்மையில் படிகாரம். எட்டு முகத்தோடு மேலும் கீழும் கூர்மையாக இருந்தால் அது உப்பல்ல, வீட்டு உப்பு கனசதுரமாகத்தான் கட்டும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், முகங்களை எண்ணினாலே தெரிந்துவிடும்.

ஏற்காட்டுப் பள்ளிகள் மழைக்காலத்தில் மூடிய டம்ளரில் சர்க்கரையைச் செய்துவிட்டு, உப்பை மாசி, பங்குனிக்கு ஒதுக்கலாம். அதுவரை பொறுக்க முடியாதென்றால் ஒரு மரப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, பல்பிலிருந்து தள்ளிக் கரைசலை வையுங்கள், மேலே ஈரக்காற்று வெளியேற ஒரு துளை இருக்கட்டும். காற்று சில டிகிரி சூடானாலே அதன் ஈரப்பதம் 75-க்குக் கீழே இறங்கிவிடும். மலைமேல் உப்பு வளர அந்தச் சில டிகிரி சூடு போதும்.