பைப் படத்தில் விண்டோவை அகலமாக வரையாதீர்கள்

கொழும்பில் ஒரு அலுவலகம். தினமும் அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள சர்வருக்கு பேக்கப் அனுப்புகிறார்கள். வேகம் 2 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்று 100 மெகாபிட் லைனை 300 ஆக்கினார்கள். மாதாமாதம் கூடுதல் காசு போகிறது, வேகம் அதே 2 மெகாபிட். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் மட்டும் 300 முழுதாக வருகிறது. ஏன் லைனை மாற்றினீர்கள் என்று கேட்டேன். அங்கே நெட்வொர்க் பார்க்கும் தம்பி, வகுப்பில் படித்த ஸ்லைடையே எடுத்துக் காட்டினார். டிசிபி எப்படி டேட்டா அனுப்புகிறது என்பதற்கான படம் அது. அதில் ஒரு தண்ணீர்க் குழாய், அதன் வாய்க்குக் குறுக்கே ஒரு அம்புக்குறி, பக்கத்தில் ‘விண்டோ சைஸ்’ என்று எழுதியிருந்தது.

இதே படத்தை எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். படிப்பிக்கிற ஆசிரியர்களிடம் கேட்கிறேன், தயவுசெய்து அந்த அம்புக்குறியை அழியுங்கள்.

குழாயின் அகலம் என்பது லைனின் வேகம், ஒரு செக்கனில் எத்தனை பிட் போகலாம் என்பது. நீளம் என்பது டேட்டா போய் அதற்கான பதில் திரும்பி வர எடுக்கும் நேரம். விண்டோ இந்த இரண்டும் அல்ல. பதில் வருவதற்கு முன் எவ்வளவு டேட்டாவை வழியில் விட்டு வைக்கலாம் என்பதுதான் விண்டோ. குழாய் நிரம்பி ஓட அதற்குள் எவ்வளவு தண்ணீர் இருக்க வேண்டுமோ, அந்தக் கொள்ளளவோடுதான் அதை ஒப்பிட வேண்டும். அகலத்தை நீளத்தால் பெருக்கினால் கொள்ளளவு வந்துவிடும்.

அந்த அலுவலகத்தின் கணக்கையே போடுவோம். போய்வர 250 மில்லிசெக்கன். 100 மெகாபிட் லைன் நிரம்ப 25 மெகாபிட், அதாவது ஏறத்தாழ 3.1 மெகாபைட், வழியில் இருக்க வேண்டும். அவர்களுடைய விண்டோ 65,535 பைட்டுக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு கால் செக்கனுக்கும் 65,535 பைட் என்றால் செக்கனுக்கு 2.1 மெகாபிட்தான் வரும். 300 மெகாபிட் லைனுக்கும் இதே விடைதான், ஏனென்றால் இந்தக் கணக்கில் அகலம் வரவே இல்லை. ஸ்பீட் டெஸ்டோ பக்கத்திலுள்ள சர்வரோடு, பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து அளக்கிறது. குழாய் குட்டையாக இருப்பதால் சின்ன விண்டோவே அங்கே போதும்.

65,535 என்பது டிசிபி ஹெடரில் விண்டோவுக்கு இருக்கும் 16 பிட்டின் எல்லை. அதைப் பெருக்கிக் காட்டும் விண்டோ ஸ்கேலிங் 1992இலேயே வந்துவிட்டது. இங்கே நடுவில் இருந்த பழைய ஃபயர்வால் அந்த ஆப்ஷனை வெட்டி எறிந்துகொண்டிருந்தது. அந்த செட்டிங்கை மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்று, இந்த விண்டோ டேட்டாவைப் பெறுபவர் சொல்லும் எல்லை. அனுப்புபவருக்குத் தனியாக கன்ஜெஸ்ஷன் விண்டோ ஒன்று உண்டு. நடுவழி தாங்குமா என்று அவரே போடும் மதிப்பீடு அது. இரண்டில் எது சிறியதோ அதுதான் செல்லும். ஸ்லைடில் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போடாதீர்கள்.

இணைப்பின் தொடக்கத்தில் கன்ஜெஸ்ஷன் விண்டோவைச் சிறிதாக வைத்து வளர்க்கும் ஸ்லோ ஸ்டார்ட்டுக்கு வருவோம். பைப்பை மெல்லத் திறப்பது போல ஒரு நேர்கோட்டை வரைகிறார்கள். அது தவறு. லினக்ஸில் வழக்கமாக 10 பேக்கெட்டில் தொடங்கி, டேட்டா போய்ப் பதில் வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் இரட்டிப்பாகும்: 10, 20, 40, 80. ஒரு மெகாபைட் ஃபைல் என்றால் சுமார் 685 பேக்கெட். ஆறு சுற்றில் 630தான் போகும், ஆகவே ஏழாவது சுற்றும் வேண்டும். மேலே சொன்ன தூரத்துக்கு ஒன்றரைச் செக்கனுக்கு மேல். 100 மெகாபிட் லைன் நிரம்பி ஓடினால் அதே ஃபைலுக்கு 0.08 செக்கன் போதும். சின்ன ஃபைல்களுக்கு குழாய் நிரம்புவதற்குள் வேலையே முடிந்துவிடுகிறது. அவற்றுக்காக லைனைப் பெரிதாக்கிப் பயனில்லை.

குழாய்ப் படம் ஓரிடத்தில் அறவே உதவாது. பேக்கெட் தொலைவதை ஓட்டைக் குழாயாக வரைவார்கள். பெரும்பாலும் ரூட்டரின் வரிசை நிரம்பித்தான் பேக்கெட் விழுகிறது, அதுவும் அனுப்பியவருக்கு ஒரு சுற்று கழித்துத்தான் தெரியவரும். அதற்குத் தனி ஸ்லைட் போடுங்கள்.

லைனைப் பெரிதாக்கக் கையெழுத்துப் போடுமுன், டேட்டா போய்க்கொண்டிருக்கும்போதே அனுப்பும் லினக்ஸ் சர்வரில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
ss -ti
```

உங்கள் இணைப்பின் வரியில் `wscale` இல்லையென்றால் ஸ்கேலிங் நடக்கவில்லை. `cwnd` என்பது பேக்கெட் கணக்கில் கன்ஜெஸ்ஷன் விண்டோ, `mss` என்பது ஒரு பேக்கெட்டில் போகும் பைட். முதல் மதிப்பை இரண்டாவதால் பெருக்குங்கள், அதை உங்கள் குழாயின் கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். வயர்ஷார்க்கில் பார்ப்பதென்றால் இணைப்புத் தொடங்கும் முன்பே பதிவை ஆரம்பியுங்கள். ஸ்கேலிங் எண் இணைப்பைத் தொடங்கும் SYN பேக்கெட்டுகளில் மட்டும்தான் இருக்கும், அதைத் தவறவிட்டால் வயர்ஷார்க் காட்டும் விண்டோ அளவை நம்ப முடியாது.