நோடலா, மெஷ்ஷா? சார்பு மூலம் உள்ள சுற்றில் எது சுலபம்

டிரான்சிஸ்டர் உள்ள சுற்றைக் காகிதத்தில் கணக்கிடும்போது, டிரான்சிஸ்டரின் இடத்தில் ஒரு சாய்சதுரக் குறி வந்து உட்காரும். அதுதான் டிபென்டென்ட் சோர்ஸ், அதாவது சார்பு மூலம். தான் எவ்வளவு கரண்ட் தருவது என்பதை அது தானாக முடிவு செய்யாது. சுற்றில் வேறோர் இடத்தில் ஓடும் கரண்டையோ அங்குள்ள வோல்டேஜையோ பார்த்துத்தான் தரும். இது வந்ததும் நோடல் போடுவதா, மெஷ் போடுவதா என்று பலரும் தடுமாறுகிறார்கள். ஒரு சுற்றை இரண்டு வழியிலும் போட்டுப் பார்ப்போம்.

14 வோல்ட் மூலத்திலிருந்து 2 ஓம் வழியாக A என்ற கணுவுக்கு வருகிறோம். A-யிலிருந்து கிரவுண்டுக்கு 4 ஓம். அதில் கீழ்நோக்கி ஓடும் கரண்டுக்கு ix என்று பெயர். A-யிலிருந்து B-க்கு 2 ஓம், B-யிலிருந்து கிரவுண்டுக்கு 4 ஓம். இதோடு, கிரவுண்டிலிருந்து B-க்குள் 2ix அளவு கரண்டைத் தள்ளும் ஒரு சார்பு மூலம். அவ்வளவுதான் சுற்று.

முதலில் நோடல். ஒவ்வொரு கணுவிலும் வெளியேறும் கரண்டும் உள்ளே வரும் கரண்டும் சமம் என்று எழுத வேண்டும்.

```
A:  (Va - 14)/2 + Va/4 + (Va - Vb)/2 = 0
B:  (Vb - Va)/2 + Vb/4 = 2*ix
```

இரண்டு சமன்பாடு, ஆனால் தெரியாதவை மூன்று. விடுபட்ட மூன்றாவது வரியைச் சார்பு மூலமே கேட்டு வாங்குகிறது: ix = Va/4. அதைப் போட்டுச் சுருக்கினால்,

```
 5*Va - 2*Vb = 28
-4*Va + 3*Vb = 0
```

Va = 12, Vb = 16, ix = 3 ஆம்பியர்.

இங்கே குறுக்கே பாருங்கள்: ஒரு பக்கம் -2, மறுபக்கம் -4. வெறும் ரெசிஸ்டரும் சாதாரண மூலங்களும் உள்ள சுற்றில் இந்த இரண்டும் சமமாகத்தான் இருக்கும். அதனால்தான் சமன்பாடு எழுதாமல் பார்த்தவுடன் மேட்ரிக்ஸை நிரப்பும் குறுக்குவழி அங்கே செல்லும். சார்பு மூலம் அந்தச் சமச்சீரைக் கலைத்துவிடும். பழக்கதோஷத்தில் இரண்டிலும் -2 போட்டால் விடை தவறு.

அப்புறம், 14 வோல்ட் சுற்றில் 16 வோல்ட் எப்படி? சார்பு மூலமும் சக்தி தருகிறது. நிஜ ஆம்ப்ளிஃபையரில் அது படத்தில் வரையாத பவர் சப்ளையிலிருந்து வரும். சந்தேகம் இருந்தால் வாட் கணக்குப் பாருங்கள். 14 வோல்ட் மூலம் தருவது 14 வாட், சார்பு மூலம் தருவது 16 × 6 = 96 வாட். நான்கு ரெசிஸ்டரும் எடுத்துக்கொள்வது 2 + 36 + 8 + 64. இரு பக்கமும் 110. குறி எங்காவது மாறியிருந்தால் பெரும்பாலும் இங்கேயே பிடிபட்டுவிடும்.

இனி மெஷ். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கரண்ட் சுற்றுவதாக வைத்து, அந்தக் கண்ணியைச் சுற்றி வரும் வோல்டேஜ்களின் கூட்டு பூஜ்யம் என்று எழுத வேண்டும். இங்கே மூன்று கண்ணிகள், மூன்றிலும் கரண்ட் கடிகாரச் சுற்றில். கடைசிக் கண்ணியின் வெளி ஓரத்தில் சார்பு மூலம் இருப்பதால் அங்கே வோல்டேஜ் சமன்பாடே வேண்டாம்: i3 = -2ix. முதல் இரண்டு கண்ணிகளுக்கும் பொதுவானது அந்த 4 ஓம், எனவே ix = i1 - i2. மீதி வேலை இரண்டு வரி:

```
6*i1 - 4*i2 = 14
4*i1 + 2*i2 = 0
```

i1 = 1, i2 = -2. ix மறுபடி 3. உழைப்பும் ஏறக்குறைய அதே.

இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துவிடலாம். கிரவுண்டைத் தவிர்த்துக் கணுக்களை எண்ணி, வோல்டேஜ் மூலங்களைக் கழித்தால் நோடலின் சமன்பாடுகள்: 3 - 1 = 2. A, B-யோடு 14 வோல்ட் மூலமும் 2 ஓமும் சேரும் இடமும் ஒரு கணு. கண்ணிகளை எண்ணி, கரண்ட் மூலங்களைக் கழித்தால் மெஷ்ஷின் சமன்பாடுகள்: 3 - 1 = 2. சார்பு மூலத்தையும் இந்தக் கழித்தலில் சேர்க்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இதில்தான். இப்படிச் சமமாக வந்தால், B-யின் வோல்டேஜ் வேண்டுமென்றால் நோடல், கிளைக் கரண்ட் வேண்டுமென்றால் மெஷ் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஒரே ஒரு பாகத்தை மாற்றினால் தராசு சாய்ந்துவிடும். அந்தச் சார்பு மூலம் கரண்டுக்குப் பதிலாக 2ix வோல்ட் தருவதாக வைத்துக்கொள்வோம். அப்போது Vb = 2ix = Va/2. நோடலில் மிஞ்சுவது ஒரே வரி: 5Va - Va = 28, Va = 7. மெஷ்ஷிலோ மூன்று சமன்பாடுகள். மாறாக, முதல் சுற்றில் 14 வோல்ட் மூலத்தை எடுத்துவிட்டு 1 ஆம்பியர் கரண்ட் மூலம் வைத்தால் i1 கையிலேயே இருக்கிறது; 4 + 2i2 = 0 என்ற ஒற்றை வரியில் மெஷ் முடிந்துவிடும்.

கம்பிகள் ஒன்றையொன்று தாண்டாமல் வரைய முடியாத சுற்றில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை, மெஷ் அங்கே செல்லாது. ஸ்பைஸ் போன்ற மென்பொருள்களும் நோடலை வைத்துத்தான் போகின்றன. வோல்டேஜ் மூலத்தின் கரண்டையும் தெரியாத ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் திருத்திய நோடல் அது. அதனால்தான் ஸ்பைஸில் ix போன்ற கரண்டை ஒரு சார்பு மூலத்துக்குக் காட்ட, அந்தக் கிளையில் 0 வோல்ட் மூலம் ஒன்றைச் செருகுவது வழக்கம்.