இருமும் முன் ஒரு நொடி

இருமினால் சொட்டுகிறது. தும்மினால் உள்ளாடை நனைகிறது. மெட்ரோ வாட்டர் லாரி வந்ததும் ஓடிப்போய் குடத்தைத் தூக்கினால் அப்போதும் கசிகிறது. வடசென்னையில் பிசியோதெரபி பார்க்கும் என்னிடம் இதற்காகவே வரும் பெண்கள் மிகக் குறைவு. முதுகு வலி, முழங்கால் வலி என்று வருவார்கள். எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போதுதான், கதவைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "இருமுனா ஒண்ணுக்கு வந்துடுது மா, அதுக்கு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. முதல் மருத்துவம் மாத்திரையும் இல்லை, அறுவை சிகிச்சையும் இல்லை, உடற்பயிற்சிதான்.

கசிவு ஏன் வருகிறது என்பது தெரிந்தால்தான் பயிற்சியைச் சரியாகச் செய்ய முடியும். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் பெண்களுக்கு ஏறத்தாழ 4 செ.மீ. நீளம்தான். அதற்கு அடியில், முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை விரிந்த தசைப் படலம் ஒன்று இருக்கிறது. இதை இடுப்புத்தளத் தசை என்கிறோம். சிறுநீர்க் குழாய், யோனி, ஆசனவாய் மூன்றும் இதைத் தாண்டித்தான் வெளியே வருகின்றன. இருமும்போது வயிற்றுத் தசைகள் சட்டென்று இறுகி, உள்ளே இருக்கும் அழுத்தம் சிறுநீர்ப்பையின் மேலும் குழாயின் மேலும் ஒருசேர இறங்குகிறது.

தண்ணீர் லாரியின் ட்யூப் சிமென்ட் தரையில் கிடக்கும்போது மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். அதே ட்யூப் சேற்றில் கிடந்தால், எவ்வளவு மிதித்தாலும் அது அமுங்கிப் போகுமே தவிர தண்ணீர் நிற்காது. சிறுநீர்க் குழாயின் கதையும் இதுதான். இருமலின் அழுத்தம் குழாயை மேலிருந்து அமுக்குகிறது. கீழே தசையும் அதோடு சேர்ந்த திசுக்களும் உறுதியாக இருந்தால் குழாய் நசுங்கி மூடிக்கொள்ளும். பிரசவத்தில் அவை இழுபட்டிருந்தாலோ, பல வருட இருமல், மலச்சிக்கல், உடல் எடை ஆகியவற்றால் தளர்ந்திருந்தாலோ, குழாய் கீழே இறங்கித் திறந்துகொள்ளும். அதனால்தான் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது இதற்குத் தீர்வாகாது. பை சற்றுக் காலியாக இருக்கும், ஆனால் தளம் அதே தளர்ச்சியோடுதான் இருக்கும். வெயிலில் நின்று வேலை செய்பவர்களுக்கு நீர்க்கடுப்பும் சேர்ந்து வரும்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்காவின் விஷயத்தைச் சொல்கிறேன். வயது 44, மூன்றும் சுகப்பிரசவம். காலையில் மீன் கூடையைத் தலைக்கு ஏற்றும்போதும், சளி பிடித்து இருமும்போதும் கசிவு. அவசரமாக வந்து கழிவறைக்குப் போவதற்குள் நனைவதில்லை. இந்த விவரம் முக்கியம். அடக்க முடியாத அவசரத்தோடு வரும் கசிவுக்கு மருத்துவம் வேறு.

அவரைப் படுக்க வைத்து, "ஒண்ணுக்கையும் காத்தையும் ஒரே நேரத்துல அடக்குற மாதிரி உள்ள இழுங்கக்கா" என்றேன். மூச்சைப் பிடித்தார், வயிறு இறுகியது, பின்பக்கம் மேலே எழும்பியது. ஆனால் பார்க்க வேண்டிய இடம், யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுப்பகுதி, உள்ளே போகாமல் வெளியே தள்ளியது. மலம் கழிக்க முக்குவதுபோல அவர் முக்கிக்கொண்டிருந்தார். பயிற்சி பலனளிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். வாயால் சொல்லிக் கேட்டு மட்டும் செய்பவர்களில் கணிசமானோர் முதல் முறை தப்பாகத்தான் செய்கிறார்கள். தப்பாகவே தினமும் செய்தால் தளம் இன்னும் கீழே தள்ளப்படும்.

சரியா தப்பா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். முழங்காலை மடக்கிப் படுத்து, சுத்தமான விரலை யோனிக்குள் சிறிதளவு வைத்து இறுக்கினால், விரலைச் சுற்றிப் பிடித்து உள்ளே, மேலே இழுப்பது தெரிய வேண்டும். விரல் வெளியே தள்ளப்பட்டால் அது முக்கல். விரல் வைக்கத் தயக்கமாக இருந்தால் கைக்கண்ணாடியில் நடுப்பகுதி உள்ளே ஒடுங்குகிறதா என்று பார்க்கலாம். இறுக்கியபடியே ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ண முடியவில்லை என்றால் மூச்சைப் பிடித்திருக்கிறீர்கள். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பது தசையை அடையாளம் காண ஒரு முறை போதும். அதையே பயிற்சியாக்கினால் பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

அக்காவுக்குத் தசை பிடிபட்டதும், எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தோம். 3 வினாடி. ஆறாவது முறை பிடி நழுவியது. ஆகவே அவருடைய தொடக்கம் 3 வினாடி இறுக்கம், அதைவிடச் சற்று அதிக ஓய்வு, இப்படி 5 முறை. பிறகு சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவது 5 முறை. காலை, மதியம், இரவு. ஓய்வில் தசையை முழுசாகத் தளர்த்துவதும் பயிற்சியின் பாதி. எளிதாகிவிட்டால் ஒரு வினாடி கூட்டலாம். 8 முதல் 10 வினாடி வரை பிடித்து 8 முதல் 10 முறை செய்வதே இலக்கு. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவு, ஒரு தடவைக்கு 8 இறுக்கம், நாளைக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். படுத்துச் செய்தது வசப்பட்டதும் உட்கார்ந்து, பிறகு நின்று செய்ய வேண்டும். கூடை தூக்குவது நின்றுகொண்டுதானே!

தசை வலுப்பெற வாரங்கள் ஆகும். அதற்கு முன்பே பலன் தரும் ஒன்று உண்டு, எனக்கு இதில் மிகப் பிடித்ததும் அதுதான். இருமல் வரப்போகிறது என்று தெரிந்த நொடியில் முதலில் இறுக்கு, இறுக்கியபடியே இருமு, முடிந்த பிறகு விடு. தளர்ச்சி இல்லாத உடலில் அந்தத் தசை இருமலுக்குச் சற்று முன்பே தானாக இறுகும். இங்கே அதை நாம் வேண்டுமென்றே செய்கிறோம். 1998-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் மில்லரும் டீலான்சியும் வெளியிட்ட ஆய்வில், வயதான பெண்கள் இதைக் கற்ற ஒரே வாரத்தில் இருமும்போது கசிவு வெகுவாகக் குறைந்தது. ஒரு வாரத்தில் தசை வளராது. இறுக்கும் நேரம் சரியாக அமைந்ததே போதுமாக இருந்தது.

அக்காவுக்கு முதலில் கூடைக்கு முன்தான் இது பழகியது. இறுக்கிக்கொண்டு, மூச்சை விட்டபடி தூக்குவார். தும்மல் மட்டும் முந்திக்கொண்டே இருந்தது. இரண்டாவது வாரத்தில், "ஒண்ணும் தெரியலயே மா" என்று நிறுத்தப் பார்த்தார். ஆறாவது வாரத்தில் உட்கார்ந்து இருமினால் கசியவில்லை. மூன்றாவது மாத முடிவில் 8 வினாடி பிடித்தார். சிறுநீர் கழித்து ஒரு மணி நேரத்துக்குப் பின், மடித்த டிஷ்யூ காகிதத்தை வைத்து நின்றபடி மூன்று முறை பலமாக இருமச் சொன்னேன். முதல் நாள் உள்ளங்கை அகலம் நனைந்த காகிதத்தில் இப்போது ஒரு சிறு புள்ளி. கடும் சளி பிடித்தால் இன்றும் கொஞ்சம் கசிகிறது. கூடைக்குக் கசிவதில்லை. பயிற்சியை அவர் விடவில்லை, விட்டால் தசை பழையபடி தளரும்.

எல்லோருக்கும் இதே பலன் வரும் என்று சொல்ல மாட்டேன். 2018-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வில், பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் அது 6 சதவீதம். மூன்று மாதம் சரியாகச் செய்தும் குறையவில்லை என்றால், குழாயைத் தாங்கும் பெசரி வளையமோ நாடா வைக்கும் அறுவை சிகிச்சையோ உண்டு. அதை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ பெண்கள் நல மருத்துவரிடம் கேட்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய் பரிசோதனை செய்துகொள்வது முதல் வேலை. சிறுநீரில் ரத்தம், எரிச்சல், இரவும் பகலும் இடைவிடாத சொட்டு, யோனியில் ஏதோ இறங்கி வருவது போன்ற உணர்வு, இறுக்கும்போது வலி, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.