கணினிக்குள் ஒரு தேக்கு

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அண்ணனின் மரச்சாமான் கடைக்காக, இனிமேல்தான் செய்யப்போகிற கட்டில், மேசைகளை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் படமாக்கித் தருகிறாராம். “தேக்குப் பலகை போட்டோவைத்தான் ஒட்டுறேன் சார். தூரத்துல நல்லா இருக்கு. கிட்டப் போனா மைக்கா ஷீட் ஒட்டுன மாதிரி தெரியுது. ஏன்?”

படத்தைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. மேசையின் மேல் ஆறு பலகை. ஆறிலும் ஒரே இடத்தில் ஒரே மரக்கண். பலகையின் வெட்டுமுனையிலோ வளையமே இல்லை, மேலே ஓடிய கோடுகள் அங்கே இழுபட்டுக் கிடந்தன.

போட்டோ என்பது தோல். மரத்தின் வரியோ உள்ளேயும் ஓடுவது. இதற்கான வழியை 1985இல் கணினி வரைகலை ஆய்வாளர்களான கென் பெர்லினும் டார்வின் பீச்சியும் ஒரே மாநாட்டில் தனித்தனியாகச் சொன்னார்கள். பரப்பில் படம் ஒட்டாதே. முப்பரிமாண வெளியிலுள்ள எந்தப் புள்ளியைக் கேட்டாலும் அதன் நிறத்தைச் சொல்லும் ஒரு சூத்திரம் எழுது. பொருளை அதிலிருந்து செதுக்கி எடு. ஆசாரி செய்வதும் அதுதானே? அவர் பலகையில் வரி வரைவதில்லை. மரத்தை அறுக்கிறார், வரி தானாக வெளியே வருகிறது.

சரி, மரத்தை வளர்ப்போம். அடிமரத்தின் நட்டநடுவில் நீளவாக்கில் ஓர் அச்சு. ஒரு புள்ளி அந்த அச்சிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து, அதை வளையத்தின் அகலத்தால் வகுத்தால் அந்தப் புள்ளியில் மரம் உருவான ‘வயது’ கிடைக்கும். வயதின் பின்னப் பகுதிதான் நிறம். தேக்கில் வளையம் தொடங்கும் இடத்தில் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். அதனால் பின்னம் 0 ஆகும் இடத்தில் கருமை, அப்புறம் மெல்ல வெளிறி, அடுத்த வளையத்தில் சட்டென்று மறுபடி கருமை.

இப்போது அறுக்கலாம். வளையத்தின் அகலம் 6 மி.மீ. என்று வையுங்கள். அச்சிலிருந்து 42 மி.மீ. தள்ளி வாள் ஓடுகிறது, பலகை 150 மி.மீ. அகலம். பலகையின் நடுக்கோடு அச்சிலிருந்து 42 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. அடுத்த வளையம் 48இல். அது பலகையை எங்கே தொடும்? பிதாகரஸைக் கேட்டால் நடுவிலிருந்து சுமார் 23 மி.மீ. தள்ளி என்பார். அதற்கடுத்தது 34இல், அடுத்தது 43இல். அதாவது நடுவில் 46 மி.மீ. அகலத்துக்கு ஒரு பெரிய பட்டை. ஓரத்துக்குப் போகப் போகக் கோடுகள் நெருங்கி, கடைசியில் இடைவெளி 7 மி.மீ. ஆகிவிடும். எந்தத் தேக்குக் கதவிலும் இதைப் பார்க்கலாம். நாம் எங்கும் இதை வரையவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் தீராத மகிழ்ச்சி. வாளை அச்சின் வழியாகவே ஓடவிட்டால் அதே மரம் 6 மி.மீ. இடைவெளியில் நேர்கோடுகளைத் தரும்.

ஆனால் கோடுகள் இன்னும் தண்டவாளம் போல ஓடுகின்றன. நிஜப் பலகையில் கோபுரம் கோபுரமாக வளைவுகள் எழும். அதற்குக் காரணம், மரம் உருளை அல்ல, மேலே போகப் போக ஒல்லியாகும் கூம்பு. கூம்பை அதன் அச்சுக்கு இணையாக வெட்டினால் அதிபரவளையம் வரும் என்று பள்ளியில் படித்தோமே, அந்தக் கோபுரங்கள் அவைதான். மீட்டருக்கு 10 மி.மீ. ஆரம் குறைந்தால், 6 மி.மீ. வளையத்துக்கு ஏறத்தாழ 60 செ.மீ.க்கு ஒரு கோபுரம். அவற்றின் முனை மரத்தின் நுனிப்பக்கம் பார்க்கும்.

இதற்கு மேல் பெர்லின் பெயரிலேயே வழங்கும் இரைச்சல் சார்பைத் தூவி வளையங்களைக் கொஞ்சம் நெளிக்க வேண்டும். நீளவாக்கில் அதைப் பத்துப் பதினைந்து மடங்கு இழுத்துவிடுங்கள். இழுக்க மறந்தால் தேக்கு சலவைக்கல்லாகிவிடும்.

அடுத்தது கண். மண்டபம் பக்கம் எனக்குப் பழக்கமான ஆசாரி ஒருவர், கண் உள்ள கட்டையை நிலைக்கு வைக்கமாட்டார். வீட்டுக்காரர்கள் திருஷ்டி என்பார்கள். அவர் சொல்லும் காரணம் வேறு: “செத்த கண்ணுன்னா காஞ்சதும் கழண்டு விழுந்துரும்.” திருஷ்டியை விடுங்கள், அவர் சொல்வது தாவரவியல். கண் என்பது அடிமரம் விழுங்கிய கிளை. கிளைக்கும் சொந்த அச்சும் வளையமும் உண்டு. ஆகவே ஒரு புள்ளிக்கு இரண்டு வயதுகள்: அடிமரக் கணக்கில் ஒன்று, கிளைக் கணக்கில் ஒன்று. எது முந்தியதோ அதுவே அங்கு உள்ள மரம். மரியா லார்சன் குழுவினர் 2022இல் வெளியிட்ட முறையின் சாரமும் இப்படித்தான். மில்லிமீட்டர் கணக்கில் எழுதினால் (p என்பது புள்ளி, அதன் z மரத்தின் நீளவாக்கு, distBranch என்பது கிளையின் அச்சிலிருந்து அதன் தூரம்):

```
float tS = (length(p.xy) + 0.01*p.z) / 6.0;
float tB = distBranch / 1.5;
float t  = smin(tS, tB, 0.8);
float ring = fract(t);
```

அடிமர வளையம் 6, கிளை வளையம் 1.5 என்றால், அச்சிலிருந்து 40 மி.மீ. தள்ளி அறுத்த பலகையில் கண்ணின் குறுக்களவு சுமார் 20. 80 தள்ளி அறுத்ததில் 40. உள்ளிருந்து வெளியே கண் பருப்பது தானாக வருகிறது. smin என்பது இரண்டில் சிறியதை எடுக்கும்போது சந்திப்பை வழவழப்பாக்குவது; பிளெண்டரில் Math கணுவில், அதாவது node-இல், Smooth Minimum என்று இருக்கும். அதனால்தான் வளையங்கள், ஆற்று நீர் பாலத்தின் தூணைச் சுற்றுவது போல, கண்ணைச் சுற்றி வளைகின்றன. செத்த கண் வேண்டுமா? அங்கே வெறும் min போட்டு, சந்திப்பில் ஒரு கருப்பு விளிம்பு கொடுங்கள். உயிரில்லாத கிளையோடு மரம் ஒட்டுவதில்லை.

நான் இதில் ஒரு நாள் முழுக்கத் தொலைத்தேன். கிளைக்குத் தூரம் கணக்கிட்டபோது இருபக்கமும் நீளும் கோட்டை எடுத்துவிட்டேன். கிளை நடுவிலிருந்து ஒரு பக்கம்தான் போகும். என் மரத்தில் ஒவ்வொரு கண்ணுக்கும் நேர் எதிரே ஒரு இரட்டைக் கண் முளைத்திருந்தது.

இனி அந்த ஆறு பலகை. ஒவ்வொன்றையும் தனிப் பொருளாக வைத்து, ஆயத்தொலைவுக்கு Texture Coordinate கணுவின் Object முனையை எடுங்கள். அது மீட்டரில் வரும், மில்லிமீட்டராக்க 1000ஆல் பெருக்குங்கள். அப்படியே விட்டால் ஆறும் மரத்தின் ஒரே இடத்திலிருந்து அறுத்ததாகிவிடும், வாசகியின் படத்தைப் போல. Object Info கணுவின் Random ஒவ்வொரு பலகைக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண் தரும். அதை விதையாக வைத்து மூன்று தனித்தனி எண்களைப் பெறுங்கள். ஒன்று, அச்சிலிருந்து 10 முதல் 120 மி.மீ.க்குள் எங்கே அறுத்தது என்பது. இரண்டாவது, மரத்தின் உயரத்தில் எங்கே. மூன்றாவது, மரத்தின் எந்தப் பக்கம், அதாவது அச்சைச் சுற்றி எவ்வளவு திருப்புவது. நிறத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பலகை மாறிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. பார்ப்பவர் கண் ஏமாறாது, கோடுகள் ஒன்றாகவே இருக்குமே.

சரியாக வந்ததா என்று பார்க்க வெட்டுமுனைக்கு கேமராவைக் கொண்டுபோங்கள். மேலே உள்ள ஒவ்வொரு கோடும் விளிம்பில் மடங்கி, முனையில் உள்ள வளைய வில்லோடு சேரவேண்டும். வளையங்கள் நசுங்கியிருந்தால் Apply Scale செய்ய மறந்திருப்பீர்கள். மேசைக்காலில் வரி குறுக்கே ஓடினால் காலின் சுழற்சியை Apply செய்துவிட்டீர்கள், அச்சு திசை மாறிவிட்டது.

ஒரு மனக்குறை. ஆயத்த மரங்களின் தொகுப்புகளைத் தேடினால் எனக்குக் கிடைப்பதெல்லாம் ஓக்கும் வால்நட்டும்தான். நம் வேம்பு, பூவரசு, வாகையின் குறுக்குவெட்டுகளை ஒழுங்காக ஸ்கேன் செய்து பொதுவில் வைக்க ஒரு சின்ன ஆய்வு நிதி போதும்.

வாசகியின் கடைசி வரி: “பனை உத்திரம் வச்ச பழைய வீடு ஒண்ணும் செய்யணும்.” இங்கே மேலே சொன்னதில் ஒன்றைத் தவிர எதுவும் உதவாது. பனைக்கு வளையமே கிடையாது, அடிமரத்தில் கிளையும் இல்லை, அதனால் கண்ணும் இல்லை. குறுக்கே வெட்டினால் கருப்புப் புள்ளிகள். ஓரத்தில் நெருக்கமாக, நடுவில் விட்டுவிட்டு. நீளவாக்கில் அவையே கருப்பு நார்கள். அச்சிலிருந்து தூரம் என்கிற அதே எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நிறத்துக்கு அல்ல, புள்ளிகள் எவ்வளவு அடர்த்தி என்பதற்கு.