நோகாத கட்டி

கொக்குவிலில் இருக்கும் என் மாமி 7 வருடமாகக் காலையும் இரவும் இன்சுலின் போடுகிறார். தொப்புளுக்கு இடப்பக்கம், எலுமிச்சம்பழத்தின் பாதி அளவில் ஒரு கட்டி. "சீழ் பிடித்துவிட்டது போல, தம்பி" என்று வெந்நீர் ஒத்தணம் கொடுத்துக்கொண்டிருந்தார். பாமசியில் வாங்கிய அன்ரிபயோட்டிக் குளிசையும் ஒரு கிழமை விழுங்கியிருந்தார். கட்டி அசையவில்லை.

அசையாததில் வியப்பில்லை, அது சீழே அல்ல. சீழ்க்கட்டி நாட்கணக்கில் எழும்பும். விண் விண்ணென்று தெறிக்கும். நாளாக நடுப்பகுதி மெத்தென்று இளகும். நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால் புறங்கையைக் கட்டியின் மேலும், பிறகு வயிற்றின் மறுபக்கத்திலும் வைத்துச் சூட்டை ஒப்பிடுவது நல்லது. சூடும் நோவும் இருந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றைக்கே டொக்டரிடம் காட்ட வேண்டும். அமுக்கிப் பிதுக்கக் கூடாது.

மாமியின் கட்டியில் சூடு இல்லை, நோவும் இல்லை. மாதக்கணக்கில் வளர்ந்தது. சவர்க்காரம் தடவிய விரலை வயிற்றில் வழுக்கவிட்டபோது, மெத்தென்ற தோலுக்கு நடுவே றப்பர் போல ஓரிடம் விரலைத் தடுத்தது. மற்ற இடத்தில் தோலை இரு விரலால் கிள்ளித் தூக்க முடிந்தது. அங்கே தடித்து நின்றது.

இன்சுலினுக்குச் சீனியைக் குறைப்பதோடு இன்னொரு வேலையும் உண்டு: கொழுப்புக் கலங்களைக் கொழுப்பைச் சேர்த்துவைக்கச் சொல்வது. ஒரே இடத்தில் நாள்தோறும் அது இறங்கினால், அங்குள்ள கலங்கள் பருத்து, இடையே நார்த்திசுவும் சேர்கிறது. ஒரே ஊசியைப் பல நாள் பாவிப்பதும் இதைக் கூட்டும். அங்கே குத்தினால் அவ்வளவாக நோவதில்லை. ஆகவே கை மறுபடியும் அங்கேதான் போகும், கட்டியும் வளரும்.

கெடுதல் கட்டியின் தோற்றத்தில் இல்லை. அதற்குள் போன இன்சுலின் இரத்தத்தில் கலக்கத் தாமதிக்கும். ஒருநாள் குறைவாகவும் ஒருநாள் கூடுதலாகவும் கலக்கும். மாமியின் சீனி ஏறியபடியே இருந்ததால் காலை அளவு படிப்படியாக 24 யுனிற்றுக்குப் போயிருந்தது. "சோற்றைக் குறையுங்கோ" என்ற ஏச்சையும் அவர் வாங்கியிருந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் எவருமில்லை.

நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். "இனித் தொடையில் போடுங்கோ மாமி" என்றேன்; அளவைப் பற்றி நினைக்கவில்லை. மறுநாள் 11 மணிக்கு அவருக்கு வியர்த்துக் கை நடுங்கியது. குளுக்கோமீற்றரில் 54. நல்ல திசுவிலிருந்து 24 யுனிற்றும் முழுதாக இறங்கிவிட்டது. சீனிக் கரைசல் கொடுத்துத் தேற்றினோம். கிளினிக்கில் காலை அளவை 20 ஆக்கினார்கள். இடத்தை மாற்றுமுன் அங்கே கேட்டிருக்க வேண்டியது.

இப்போது ஒவ்வொரு ஊசியும் முந்தியதிலிருந்து ஒரு விரல் தள்ளி விழுகிறது; கிழமைக்கு ஒரு பக்கம் மாறுகிறது. 4 மாதத்தில் கட்டி பாதியாக இளகியிருக்கிறது. ஊசி படாமல் பல மாதம் விட்டும் கல்லாகவே நிற்கும் கட்டி வேறு வகை. இன்சுலின் புரதமே அங்கே படிந்து இறுகியிருக்கலாம்; அதை விரலால் பிரித்தறிய முடியாது, டொக்டர் ஸ்கான் எடுத்தோ சிறு துண்டு வெட்டிச் சோதித்தோதான் சொல்வார்.