கிளிப் என்பதை நறுக்கு எனலாம்

நீண்ட சொற்பொழிவுப் பதிவிலிருந்து, செல்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும் குறும் வீடியோவுக்காக எடுக்கும் பகுதியைக் ‘கிளிப்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ஒரே உச்சரிப்பில் இரண்டு கிளிப் உண்டு. காகிதத்தைக் கவ்வும் கிளிப், ‘தழுவு’ என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. வீடியோ கிளிப் வேறு. அதன் வேர் பழைய நார்ஸ் மொழியின் ‘கிளிப்பா’, அதாவது வெட்டு, கத்தரி.

தமிழில் ‘துண்டு’ சொல்லலாம்தான். ஆனால் எங்கே வெட்டினாலும் அது துண்டு. ‘துணுக்கு’ என்றதும் பத்திரிகை ஓரத்தை நிரப்பும் செய்திதான் நினைவுக்கு வருகிறது. நான் ‘நறுக்கு’ என்பேன். எழுதுவதற்காக அளவாக வெட்டிய ஓலையை ஓலை நறுக்கு என்றார்கள். சுருக்கமாக, தெளிவாகச் சொல்வதை ‘நறுக்குத் தெறித்தாற்போல்’ என்கிறோம். அளவும் தெளிவும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

தருமபுரியில் நடுகற்கள் பற்றிய 70 நிமிட உரை ஒன்றிலிருந்து நறுக்கு எடுத்தோம். முதலில் எல்லோரும் காட்டியது, அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி தந்த இடம். அரங்கே கைதட்டியது. அதைத் தனியாகப் போட்டுப் பார்த்தபோது ஒன்றும் நிற்கவில்லை. அதற்கு முன் பத்து நிமிடம் பேச்சாளர் கட்டியெழுப்பியதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

எடுத்தது 41ஆம் நிமிடம். திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்மன் காலத்தது. இறந்த வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயும் அதில் இருக்கிறது. இந்தக் கதைக்கு முன்கதை வேண்டாம். பேச்சாளர் “முன்னாடி சொன்ன மாதிரி” என்றுதான் ஆரம்பித்தார். அதை விட்டுவிட்டு, “ஒரு நாய்க்கு” என்ற சொல்லில் தொடங்கினோம். 52 நொடியில் முடிந்தது.

சிக்கல் படத்தில் வந்தது. 1920க்கு 1080 அளவுள்ள அகலப் படத்தைச் செல்பேசிக்கான நிமிர்ந்த 9:16 அளவுக்கு வெட்டினால் அகலத்தில் சுமார் 608 புள்ளிதான் மிஞ்சும், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. “இதோ, இங்கே பாருங்க” என்று அவர் கை நீட்டிய திரை வெளியே போய்விட்டது. கல்லின் படத்தை மேலே, அவரைக் கீழே வைத்துச் சரிசெய்தோம். அப்படிப் படம் கைவசம் இல்லையென்றால், சுட்டிக்காட்டிப் பேசும் பகுதியை எடுக்காமல் விடுவதே நல்லது.

இன்னொரு பகுதியை நானே தடுத்தேன். பிறருடைய கருத்தொன்றை அவர் ஒரு நிமிடம் உருக்கமாக விளக்கிவிட்டு, அப்புறம் “ஆனால் இது சரியில்லை” என்று மறுக்கிறார். முதல் நிமிடம் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். அதை மட்டும் வெட்டினால் அவர் மறுத்ததே அவர் சொன்னதாகிவிடும். மறுப்பையும் சேர்த்தால் நான்கு நிமிடம். ஷார்ட்ஸில் 3 நிமிடம்தான் எல்லை. அதை முழு உரையிலேயே விட்டுவிட்டோம்.