நான்கா, ஆறா, எட்டா? பொதுத் தீர்வை எண்ணிப் பார்ப்போம்

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு sin 3x = sin x என்ற சமன்பாட்டைக் கொடுத்து, பொதுத் தீர்வு கேட்டிருந்தேன். திருத்தும்போது மூன்று விதமான விடைகள் வந்தன. முதல் விடை x = nπ ± π/4. இரண்டாவது x = nπ/4. மூன்றாவது x = nπ அல்லது x = (2n+1)π/4. மூன்றிலும் n ஒரு முழு எண். மூன்றாவது மட்டுமே சரி. ஆனால் மற்ற இரண்டையும் எழுதியவர்கள் கணக்கில் வல்லவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் விடையின் பிழை நடுவில் ஒரு வரியில் ஒளிந்திருந்தது. sin 3x-ஐ விரித்து 3 sin x − 4 sin³x = sin x என்று எழுதிய மாணவர், அடுத்த வரியில் இரு பக்கமும் sin x-ஆல் வகுத்துவிட்டார். மிஞ்சியது sin²x = 1/2. அதிலிருந்து வந்த விடையில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் sin x = 0 என்ற வாய்ப்பு, வகுத்த அந்த இடத்திலேயே தொலைந்துபோனது. x = 0 போட்டால் இரு பக்கமும் பூஜ்ஜியம்தானே? வகுக்காமல் ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்து 2 cos 2x sin x = 0 என்று காரணிப்படுத்தியிருந்தால், இரண்டு வரிசைகளும் கண்ணெதிரே நின்றிருக்கும்.

இரண்டாவது விடை எழுதியவர் காரணிப்படுத்தியிருந்தார். nπ-யும் (2n+1)π/4-உம் அவர் தாளில் இருந்தன. இரண்டையும் சேர்த்து "சுருக்கமாக" nπ/4 என்று எழுதியதுதான் தவறு. எல்லாத் தீர்வுகளும் π/4-இன் மடங்குகள் என்பது உண்மை. π/4-இன் எல்லா மடங்குகளும் தீர்வுகள் என்பது உண்மையல்ல. n = 2 போட்டால் x = 90°. அங்கே sin 270° = −1, sin 90° = 1.

இரண்டு பிழைகளையும் ஒரே வேலையில் பிடிக்கலாம். ஒரு வட்டம் வரைந்து, 0° முதல் 360°-க்கு முன்பு வரை, விடை தரும் கோணங்களைப் புள்ளிகளாகக் குறியுங்கள். முதல் விடைக்கு 45°, 135°, 225°, 315° என நான்கு. சரியான விடைக்கு இவற்றோடு 0°, 180° சேர்ந்து ஆறு. தவறாக இணைத்த விடைக்கு 90°, 270° வேறு புகுந்து எட்டு. புள்ளிகள் சம இடைவெளியில் இருந்தால் மட்டுமே nπ/4 போன்ற ஒரே வரிசையாக இணைக்கலாம். இங்கே ஆறு புள்ளிகளின் இடைவெளி 45°, 90°, 45°, 45°, 90°, 45° என்று போகிறது. ஆகவே இரண்டு வரிசைகளாகவே எழுத வேண்டும்.

எத்தனை புள்ளிகள் வரலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து sin kx, cos kx ஆகியவற்றின் கூட்டலாக எழுதுங்கள். மிகப்பெரிய k எதுவோ அதன் இருமடங்குக்கு மேல் ஒரு சுற்றில் தீர்வுகள் இருக்க முடியாது. நம் கணக்கில் மிகப்பெரிய k மூன்று. ஆக ஆறுதான் எல்லை. எட்டு வந்தபோதே விடை தவறு என்று தெரிந்துவிடுகிறது. ஆறு புள்ளிகளையும் பிரதியிட்டுச் சரிபார்த்துவிட்டால், எதுவும் விடுபடவில்லை என்பதும் உறுதி. குறைவாக வந்தால் மட்டும் உடனே தவறு என்று முடிவுகட்டக் கூடாது: sin x = 1-க்கு எல்லை இரண்டு, ஆனால் ஒரு சுற்றில் ஒரே தீர்வுதான். அப்போது வழிமுறையைத் திரும்பிப் பார்த்து, எங்கேயாவது வகுத்தோமா என்று தேட வேண்டும். x/2 வரும் சமன்பாட்டில் ஒரு சுற்று போதாது, 720° வரை எண்ண வேண்டும்.

திருத்துகிற ஆசிரியர்களுக்கும் இந்த வட்டம் தேவை. sin 2x = cos x-க்கு ஒரு மாணவி x = π/6 + 2nπ/3 அல்லது x = π/2 + 2nπ என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் இருந்ததோ (2n+1)π/2, nπ + (−1)ⁿπ/6. பொருந்தவில்லையே என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். அவள் வந்து கேட்ட பிறகுதான் புள்ளிகளைக் குறித்தேன். அவளுடைய முதல் வரிசை 30°, 150°, 270°, இரண்டாவது 90°. விடைக்குறிப்பின் முதல் வரிசை 90°, 270°. இரண்டாவது 30°, 150°. பிரித்த விதம்தான் வேறு, நான்கு புள்ளிகளும் அவையே. மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன்.

tan வரும் கணக்குகளில் இந்த உச்சவரம்பு அப்படியே உதவாது. அங்கே வேறொரு சோதனை வேண்டும். tan 3x = tan x-க்கு சூத்திரப்படி 3x = nπ + x, ஆக x = nπ/2. n ஒற்றையானால் tan x-க்கு மதிப்பே கிடையாது. அந்தப் புள்ளிகளை நீக்கினால் எஞ்சுவது x = nπ மட்டுமே.